கல்லூரி விழா டி-ஷர்ட்: பிரிண்ட் அளவு, கலர் எண்ணிக்கை, ஃபைல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் டிசைன் மேசையில் இருக்கிறேன். சிம்போசியம், கல்ச்சுரல்ஸ் சீசன் வந்தால் மாணவர்களிடமிருந்து ஃபோன் வந்துகொண்டே இருக்கும், சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். கல்லூரி ஆர்டர்களுக்கு அதிகம் பயன்படுவது ஸ்கிரீன் பிரிண்டிங் என்பதால் பதில்களும் பெரும்பாலும் அதைப் பற்றியவை.

"அண்ணா, ஸ்கிரீன் பிரிண்ட் போடலாமா, டிடிஎஃப் போடலாமா?"

எத்தனை டி-ஷர்ட், டிசைனில் எத்தனை கலர் என்ற இரண்டையும் சொன்னால் பாதி முடிவு வந்துவிடும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் மை ஒரு வலைத்துணி கட்டிய பிரேம் வழியாகத் துணியில் இறங்குகிறது. ஒவ்வொரு கலருக்கும் ஒரு ஃபிலிம் எடுத்து, ஒளி காட்டி அந்த டிசைனை ஒரு பிரேமில் பதிக்க வேண்டும், இதைத்தான் எக்ஸ்போஸ் என்பார்கள். அந்தச் செலவு 20 டி-ஷர்ட் அடித்தாலும் 200 அடித்தாலும் ஒன்றுதான். கணக்குக்காக ஒரு பிரேமுக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று கலருக்கு 1200 ரூபாய். 200 டி-ஷர்ட்டில் பிரித்தால் ஒன்றுக்கு 6 ரூபாய், 20 டி-ஷர்ட்டில் பிரித்தால் ஒன்றுக்கு 60 ரூபாய்.

டிடிஎஃப்பில் பிரேம் கிடையாது. பிளாஸ்டிக் ஃபிலிமில் கலரும் வெள்ளையும் பிரிண்ட் ஆகி, மேலே பசைத்தூள் தூவி, ஹீட் பிரஸ்ஸில் துணியில் ஒட்டுகிறார்கள். எத்தனை கலர் இருந்தாலும் விலை மாறாது, டிசைனின் பரப்பளவுக்குத்தான் காசு. 15, 20 பேர் இருக்கும் கோர் டீமுக்கு இதுவே சரி. ஆனால் மார்பு முழுக்க பெரிய கட்டமாக ஒட்டினால் காற்றே போகாது. மே மாதம் திறந்தவெளியில் நிற்கிற வாலண்டியருக்கு அதைக் கொடுக்காதீர்கள். 50 டி-ஷர்ட்டைத் தாண்டி, கலர் மூன்றுக்குள் இருந்தால் நான் ஸ்கிரீன் பிரிண்டிங்கைத்தான் சொல்வேன்.

"கலர்னு எதை எண்ணுவீங்க? கறுப்பும் வெள்ளையும் கணக்குல வருமா?"

துணியில் எத்தனை வகை மை இறங்குகிறதோ அத்தனை கலர். கறுப்பு மையும் ஒன்று, வெள்ளை மையும் ஒன்று. வெளிர் நீலமும் அடர் நீலமும் உங்களுக்கு ஒரே நீலக் குடும்பம், பிரிண்டருக்கு இரண்டு பிரேம்.

எண்ணிக்கையில் வராத ஒரே நிறம் டி-ஷர்ட்டின் நிறம். கறுப்பு டி-ஷர்ட்டில் கறுப்பு வேண்டிய இடத்தில் மை இல்லாமல் விட்டாலே போதும், துணியே தெரியும். நல்ல டி-ஷர்ட் டிசைன் செய்கிறவர்கள் இதை முதல் கலராக வைத்துக்கொண்டுதான் தொடங்குவார்கள். வெள்ளைப் பக்கத்தில் வரைந்து முடித்துவிட்டுக் கடைசியில் பின்னணியை மாற்றிப் பார்ப்பதை விட, கம்ப்யூட்டரில் முதலிலேயே துணியின் நிறத்தைப் பின்னணியாகப் போட்டு அதன் மேல் வரையுங்கள். எங்கெல்லாம் மை தேவையில்லை என்பது தானாகக் கண்ணில் படும்.

"நாங்க ரெண்டு கலர்தான் சொன்னோம். கறுப்பு டி-ஷர்ட்டுன்னதும் மூணு பிரேமுக்குக் காசு கேக்கறாங்க. ஏமாத்தறாங்களா?"

இல்லை. அடர்ந்த துணியில் சிவப்பையோ மஞ்சளையோ நேரடியாக அடித்தால் துணியின் கறுப்பு அதை விழுங்கிவிடும். மஞ்சள் பச்சை கலந்த அழுக்கு நிறமாகவும், சிவப்பு காய்ந்த ரத்தம் போலவும் தெரியும். அதனால் முதலில் அந்த இடத்தில் வெள்ளை மையை அடித்து, சூடு காட்டித் தொட்டால் ஒட்டாத அளவுக்கு உலர்த்தி, அதன் மேல் கலரை அடிக்கிறார்கள். இதை அண்டர்பேஸ் என்பார்கள். அந்த வெள்ளைக்குத்தான் மூன்றாவது பிரேம்.

உங்கள் டிசைனில் ஏற்கெனவே வெள்ளை ஒரு கலராக இருந்தால் பெரும்பாலும் கூடுதல் பிரேம் வேண்டாம். வெள்ளை எழுத்தும் மற்ற கலருக்கு அடியில் போகிற வெள்ளையும் ஒரே பிரேமில் அடங்கிவிடும். கறுப்பு, நேவி, மெரூன் துணிகளுக்கு டிசைன் செய்யும்போது வெள்ளையை ஒரு கலராகச் சேர்த்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான். வெள்ளை மட்டும் அடிப்பதாக இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை, ஒரே பிரேம்.

"பிரிண்ட் எவ்வளவு பெருசா போடலாம்?"

முன்பக்கத்துக்கு 11 அங்குல அகலம், 14 அங்குல உயரம் வரை எந்த யூனிட்டிலும் சிரமம் இல்லாமல் அடிப்பார்கள். ஏ3 ஃபிலிமில் இந்த அளவு அடங்கிவிடும் என்பது காரணம். இதைத் தாண்டினால் பெரிய ஃபிலிமும் பெரிய பிரேமும் வேண்டும், கேட்டுவிட்டுத்தான் வரைய வேண்டும். இடது மார்பில் போடுகிற சின்ன லோகோவுக்கு 3 முதல் 3.5 அங்குல அகலம் போதும். கைக்கு 3 அங்குலம். அதற்கு மேல் போனால் எஸ் சைஸ் கையில் தையலை முட்டும்.

தையலுக்கும் பிரிண்டுக்கும் நடுவே ஒரு அங்குலமாவது விடுங்கள். தையல் இருக்கிற இடத்தில் துணி மேடாக இருக்கும், பிரேம் சமமாகப் படியாது. மை ஒருபக்கம் திட்டாக இறங்கும், மறுபக்கம் இறங்கவே இறங்காது. தோளிலிருந்து தோள் வரை ஓடுகிற டிசைன் வேண்டுமென்றால், தைப்பதற்கு முன் வெட்டிய துணியிலேயே அடித்துப் பிறகு தைக்க வேண்டும். ரெடிமேடாக வாங்கிய டி-ஷர்ட்டில் அது நடக்காது.

"எஸ் சைஸுக்கும் டபுள் எக்ஸ்எல்லுக்கும் ஒரே அளவுலயா அடிப்பீங்க?"

ஆமாம், ஒரே பிரேம்தான். சைஸுக்கு ஒரு பிரேம் போட்டால் செலவு அத்தனை மடங்காகும். அதனால் ஆர்டரில் இருப்பதிலேயே சின்ன சைஸை வைத்து டிசைன் அளவை முடிவு செய்யுங்கள். 38 அளவு டி-ஷர்ட்டைத் தரையில் விரித்தால் மார்புக் குறுக்கே 19 அங்குலம். அதில் 11 அங்குல பிரிண்ட் வைத்தால் இருபக்கமும் 4 அங்குலம் மிச்சம். அதே பிரிண்ட் 46 அளவில் இருபக்கமும் 6 அங்குலம் விடும். இரண்டிலும் பார்க்க நன்றாக இருக்கும். 14 அங்குல அகலத்தில் வரைந்தால் எஸ் போடுகிறவருக்கு ஓரங்கள் அக்குள் பக்கம் வளைந்து போய்விடும்.

பெண்களுக்கு இடுப்பில் குறுகிய வெட்டில் தனி டி-ஷர்ட் எடுக்கிறீர்கள் என்றால் அதில் ஒன்றைக் கையில் வாங்கி அளந்து பாருங்கள். மார்பு அளவு அதிலே இன்னும் குறையும். அந்த வகைக்கு நான் 9.5 அங்குலத்துக்கு மேல் போவதில்லை.

"டிசைனை நடுவுலதான் வெச்சோம். போட்டுப் பார்த்தா தொப்பைல இருக்கு. ஏன்?"

விரித்துவைத்த டி-ஷர்ட்டின் நடு வேறு, உடம்பில் பார்வை விழும் நடு வேறு. பிரிண்டை மேலிருந்துதான் அளக்க வேண்டும். முன்பக்கக் கழுத்துப் பட்டைத் தையலிலிருந்து டிசைனின் மேல்விளிம்பு வரை 2.5 முதல் 3 அங்குலம். பின்பக்கத்தில் காலரிலிருந்து 3.5 முதல் 4 அங்குலம். இந்த எண்ணை ஆர்டரோடு எழுதிக் கொடுங்கள். மாக்அப் படத்தைப் பார்த்து இடத்தைக் கணிக்க யாராலும் முடியாது.

காலர் வைத்த போலோ டி-ஷர்ட்டில் பட்டன் பட்டி கீழே வரை இறங்கும். பெரிய பிரிண்டை அதற்குக் கீழே வைத்தால் நீங்கள் சொன்ன தொப்பை நிலைதான். போலோ என்றால் இடது மார்பில் சின்னதாகவும் முதுகில் பெரிதாகவும் போடுங்கள்.

"எங்க டிசைன்ல கிரேடியண்ட், குளோ எல்லாம் இருக்கு. எட்டு கலர் வருதாம். குறைக்க வழி இருக்கா?"

இப்படி வந்த ஒரு டிசைனை வைத்தே சொல்கிறேன். கறுப்பு ரவுண்ட் நெக், 200 டி-ஷர்ட், ஒரு இன்ஜினியரிங் கல்லூரியின் சிம்போசியம். மேலே மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு மாறுகிற பெரிய சூரியன். அதற்கு முன்னால் ஒரு பனைமரம், தண்டு பழுப்பு, ஓலையில் இரண்டு பச்சை. மரத்தின் வேர்கள் சர்க்யூட் கோடுகளாகச் சாம்பல் நிறத்தில் கீழே இறங்கும். அடியில் விழாவின் பெயர் தமிழில், வெள்ளையில், சுற்றி நீல ஒளிவட்டம். எண்ணினால் மஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு, இரண்டு பச்சை, சாம்பல், வெள்ளை, நீலம் என எட்டு. கற்பனை அருமையாக இருந்தது, அதை இழக்காமல் குறைக்க வேண்டும்.

முதலில் மரத்தை எடுத்துக்கொண்டோம். சூரியனுக்கு முன்னால் நிற்கிற மரம் நிழலுருவாகத்தானே தெரியும்? மரத்தின் வடிவத்தைச் சூரியனிலிருந்து வெட்டியெடுத்து, அந்த இடத்தில் மையே இல்லாமல் விட்டதும் துணியின் கறுப்பே மரமாகிவிட்டது. ஒரே அடியில் மூன்று கலர் போயிற்று. ஆனால் மரம் முழுக்க சூரிய வட்டத்துக்குள் இருந்தாக வேண்டும். வட்டத்துக்கு வெளியே நீட்டுகிற ஓலை கறுப்பில் கறுப்பாக மறைந்துவிடும். சாம்பல் வேர்களை வெள்ளையாக மாற்றி கோட்டை மெல்லியதாக்கினோம். மெல்லிய வெள்ளைக் கோடு தூரத்திலிருந்து சாம்பலாகவே தெரியும். நீல ஒளிவட்டத்தை எடுத்துவிட்டோம். அப்படி மெதுவாகக் கரைகிற ஒளி, கைப்பிரிண்டில் ஒவ்வொரு டி-ஷர்ட்டிலும் ஒவ்வொரு மாதிரி வரும். கடைசியாகச் சூரியனைப் படுக்கைக் கோடுகளாக வெட்டினோம். மேலே தடித்த ஆரஞ்சுப் பட்டை, கீழே வர வர மெலிந்து, இடைவெளி கூடிக்கொண்டே போகும். ஒரே ஆரஞ்சில் நிறம் மங்கிக்கொண்டு போகிற உணர்வு வந்துவிட்டது. மொத்தம் இரண்டு பிரேம், வெள்ளையும் ஆரஞ்சும்.

மஞ்சள் கட்டாயம் வேண்டும் என்றால் மூன்றாவது பிரேம். வெள்ளைக்கு மேல் மஞ்சளை முழுசாக அடித்து, அதன் மேல் ஆரஞ்சைப் புள்ளிகளாக அடிப்போம். புள்ளிகள் நெருங்கும் இடத்தில் ஆரஞ்சு, விலகும் இடத்தில் மஞ்சள். இதுதான் ஹாஃப்டோன். டி-ஷர்ட்டுக்கு அங்குலத்துக்கு 45 முதல் 55 வரிப் புள்ளிகள் போதும், பத்திரிகை அச்சுப் போல நுணுக்கமாகப் போனால் புள்ளிகள் துணியில் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும்.

"மரத்தைச் சுத்தி வெள்ளையா ஒரு கோடு எட்டிப் பார்க்குது. அது எப்படி வந்துச்சு?"

மேலே சொன்ன அண்டர்பேஸ்தான் எட்டிப் பார்க்கிறது. வெள்ளையும் ஆரஞ்சும் தனித்தனிப் பிரேம். இரண்டும் மயிரிழை கூட விலகாமல் 200 டி-ஷர்ட்டிலும் உட்காராது, துணி இழுபடும். அதனால் அடியில் போகும் வெள்ளையை மட்டும் எல்லா ஓரத்திலும் சுமார் 0.4 மில்லிமீட்டர் உள்ளே சுருக்கிவிட வேண்டும். பெரும்பாலான யூனிட்டில் கலர் பிரிக்கும்போது அவர்களே செய்துவிடுவார்கள். ஆனால் செய்வார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஃபைலில் இருந்தபடியே ஃபிலிம் எடுப்பவர்களும் உண்டு.

இதற்கு டிசைனரும் இடம் கொடுக்க வேண்டும். அந்தச் சூரியனின் கடைசிப் பட்டை ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கிறது என்று வையுங்கள். இருபக்கமும் 0.4 சுருக்கினால் அடியில் மிஞ்சுகிற வெள்ளை 0.2 மில்லிமீட்டர். அது துணியில் நிற்கவே நிற்காது, அந்தப் பட்டை மட்டும் மங்கலாக, கறுத்துப்போய்த் தெரியும். ஆகவே அடர்ந்த துணியில் வெள்ளைக்கு மேல் உட்காருகிற எந்தக் கலரும் 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். அதைவிட மெல்லிய கோடு தேவைப்பட்டால் வெள்ளையிலேயே வரைந்துவிடுங்கள்.

"ஸ்பான்சர் லோகோ கலரை மாத்தக் கூடாதுன்னு சொல்றாங்க. பின்னாடி ஆறு லோகோ இருக்கு."

ஆறு லோகோவுக்கு ஆறு கலர் என்றால் முன்பக்கத்தைவிட முதுகுக்கு அதிகம் செலவாகும். அநேகமாக எல்லா நிறுவனங்களிடமும் ஒற்றைக் கலர் லோகோ ஒன்று தயாராக இருக்கும், அவர்களே பல இடங்களில் அதைப் பயன்படுத்துவார்கள். "கலரை மாற்றலாமா" என்று கேட்காமல் "உங்கள் வெள்ளை லோகோவை பிடிஎஃப்பில் அனுப்புங்கள்" என்று கேளுங்கள். பதில் சுலபமாக வரும்.

பெரிய தொகை கொடுத்த ஸ்பான்சர் ஒருவர் தன் கலர்தான் வேண்டும் என்று நின்றால், அந்தக் கலரையே முன்பக்க டிசைனின் இரண்டாவது கலராக எடுக்க முடியுமா என்று பாருங்கள். மை ஒன்றே கலக்கினால் போதும். பிரேம் மட்டும் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி.

"ஃபைலை எப்படிக் கொடுக்கணும்? கேன்வால பண்ணது ஓகேவா?"

பிரிண்டருக்குத் தேவை வெக்டர் ஃபைல், அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் உடையாத ஃபைல். இல்லஸ்ட்ரேட்டர், கோரல்டிரா, இலவசமாகக் கிடைக்கிற இங்க்ஸ்கேப் எதில் செய்தாலும் சரி. பக்க அளவை நிஜமான பிரிண்ட் அளவிலேயே வையுங்கள், 11 அங்குலம் என்றால் 11 அங்குலம். எல்லா எழுத்தையும் வடிவமாக மாற்றுங்கள். கோரலில் `Ctrl+Q`, இல்லஸ்ட்ரேட்டரில் `Ctrl+Shift+O`, இங்க்ஸ்கேப்பில் `Shift+Ctrl+C`. மாற்றுவதற்கு முன் எழுத்து திருத்தக்கூடிய நிலையில் ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள், தேதி மாறினால் தேவைப்படும். கோடுகளையும் வடிவமாக்கிவிடுங்கள், கோரலில் அதற்கு `Ctrl+Shift+Q`. இல்லாவிட்டால் டிசைனைச் சுருக்கும்போது கோட்டின் தடிமன் மட்டும் சுருங்காமல் நின்று, சர்க்யூட் கோடுகள் எல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

ஒரே மையில் வரவேண்டிய எல்லாப் பாகங்களுக்கும் துல்லியமாக ஒரே கலர் மதிப்பு இருக்க வேண்டும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிற இரண்டு ஆரஞ்சு, கலர் பிரிக்கும்போது இரண்டாகப் பிரியும். கேன்வாவில் செய்திருந்தால் "PDF Print" என்று இறக்கிக் கொடுங்கள். தட்டையான கலரும் எழுத்தும் மட்டும் இருந்தால் பெரும்பாலும் வெக்டராகவே வரும். நிழல், ஒளி, புகைப்படம் இருந்தால் அந்தப் பாகம் படமாகிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் "Document" என்று அனுப்புங்கள். ஃபைலின் பெயரே எல்லாவற்றையும் சொல்கிற மாதிரி வைத்தால் எங்களுக்கு ஃபோன் செய்யும் வேலை குறையும்.

```
front_black_11x13in_2col.pdf
back_black_10x12in_1col.pdf
mockup_front_back.jpg
```

"போட்டோஷாப்ல 300 டிபிஐன்னு மாத்திட்டேன். அப்பவும் மங்கலா இருக்குன்னு சொல்றாங்களே?"

எண்ணை மாற்றினால் படத்தில் இல்லாத விவரம் புதிதாக வராது. 11 அங்குல அகலத்தில் 300 டிபிஐ வேண்டுமென்றால் படத்தில் நிஜமாகவே 3300 பிக்சல் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக வந்தது 1600 பிக்சல் அகலம் என்றால் அது 11 அங்குலத்தில் 145 டிபிஐதான். 300 என்று மாற்றியதும் மென்பொருள் நடுவில் பிக்சல்களை ஊகித்து நிரப்புகிறது, ஓரம் பஞ்சு மாதிரி ஆகிறது. ஃபிலிம் எடுக்கும்போது அந்தப் பஞ்சு ஓரம் ரம்பப் பல்லாக மாறும்.

தொடங்கும்போதே 3300 பிக்சலுக்குக் குறையாமல் பக்கம் திறந்து வரையுங்கள். தட்டையான லோகோ சின்னதாகத்தான் கிடைத்தது என்றால் அதன் மேல் மறுபடி வெக்டரில் வரைவதுதான் ஒழுங்கான வழி. ஒரு லோகோவுக்கு அரை மணி நேரம் ஆகும், ஆனால் பிரிண்ட் கத்தி மாதிரி வரும். டிடிஎஃப்புக்குக் கொடுப்பதாக இருந்தால் பின்னணி இல்லாத பிஎன்ஜி போதும். அதிலும் பாதி ஒளி ஊடுருவுகிற நிழல்களை எடுத்துவிடுங்கள், நிழலுக்கு அடியிலும் வெள்ளை விழுந்து ஓரம் அழுக்காகத் தெரியும்.

"தமிழ் எழுத்து எங்க லேப்டாப்ல சரியா இருந்துச்சு, அங்க போனா உடைஞ்சு போச்சு."

இரண்டு விதமாக உடையும். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் தமிழ் போய் ஆங்கில எழுத்துகள் குப்பையாக நிற்கும். எழுத்தை வடிவமாக மாற்றி அனுப்பினால் இது தீர்ந்தது.

யூனிகோடில் அடித்திருந்தால் பிரச்சினை உங்கள் கம்ப்யூட்டரிலேயே தொடங்கும். தமிழைக் கோக்கத் தெரியாத பழைய மென்பொருளில் "கொ" என்பதன் கொம்பும் காலும் இடம் மாறி உட்காரும், புள்ளி எழுத்தை விட்டு விலகும். அந்த நிலையில் வடிவமாக மாற்றினால் பிழை அப்படியே உறைந்துவிடும். இல்லஸ்ட்ரேட்டரில் `Preferences > Type` போய் "Show Indic Options" என்பதைத் தேர்ந்து, பத்தி அமைப்பில் தெற்காசியக் கம்போசரை எடுத்துக்கொள்ளுங்கள். இங்க்ஸ்கேப்பில் யூனிகோடு தமிழ் தானாகவே சரியாக வரும். வடிவமாக மாற்றிய பிறகு தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொல்லுங்கள். யூனிட்டில் பிரேம் கழுவுகிறவர் எழுத்துப் பிழை பார்க்கமாட்டார், அது அவர் வேலையும் இல்லை.

"எழுத்து எவ்வளவு சின்னதா போகலாம்?"

கோடு என்றால் 0.4 மில்லிமீட்டர், கலருக்கு நடுவே துணி தெரிகிற இடைவெளி என்றால் 0.7 மில்லிமீட்டர். இடைவெளிக்கு அதிகம் கேட்பதற்குக் காரணம், மை துணியில் இறங்கியதும் பக்கவாட்டில் கொஞ்சம் பரவும். கோடு தடிக்கும், இடைவெளி அடையும். மேலே சொன்ன பனை ஓலையின் கீற்றுகளே துணி தெரிகிற இடைவெளிகள்தான், அவை இந்த அளவுக்குக் குறைவாக இருந்ததால் முதலில் ஓலை விசிறியாகத் தெரியவில்லை. கீற்றுகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்து ஒவ்வொன்றையும் தடிமனாக்கியதும்தான் பனை பனையாகத் தெரிந்தது.

தமிழுக்கு இது இன்னும் முக்கியம். "ண", "ஞ", "ஷ" எழுத்துகளின் சுழிகள் சின்ன அளவில் மையால் அடைபட்டுக் கறுப்புப் பொட்டாகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளி ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்தால் பிரேம் கழுவும்போதே போய்விடும், அப்புறம் "கல்வி" "கலவி" ஆகும். தமிழ் வரிகளை 5 மில்லிமீட்டர் உயரத்துக்குக் கீழே இறக்காதீர்கள், தடித்த எழுத்துருவாக எடுத்துப் புள்ளியைத் தனியாகக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். எழுத்து வரிகளை மட்டும் ஏ4 தாளில் நிஜ அளவில் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டி ஆறடி தள்ளி நின்று பாருங்கள். அங்கே வாசிக்க முடியாததை டி-ஷர்ட்டில் யாரும் வாசிக்கப்போவதில்லை.

"மானிட்டர்ல பளிச்னு இருந்த ஆரஞ்சு, பிரிண்ட்ல செங்கல் கலரா வந்துருச்சு."

மானிட்டர் ஒளியால் நிறம் காட்டுகிறது, துணியில் இருப்பது மை. பிரிண்டர் உங்கள் மானிட்டரைப் பார்த்துக் கலக்கவில்லை, தன் மானிட்டரைப் பார்த்துக் கலக்கியிருப்பார். தீர்வு பேண்டோன் எண், அதாவது எங்கே கலக்கினாலும் ஒரே நிறத்தைக் குறிக்கிற எண். யூனிட்டில் கலர் கார்டு இருக்கும், நேரில் போய் அதிலிருந்து எண்ணைத் தேர்ந்து ஆர்டரில் எழுதுங்கள். போக முடியாவிட்டால் அந்த நிறத்தில் ஒரு துண்டுத் துணியோ காகிதமோ கொடுத்தாலும் பார்த்துக் கலக்கிவிடுவார்கள்.

செங்கல் கலர் வந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். அண்டர்பேஸ் மெல்லியதாக விழுந்தால் கறுப்பு மேலே ஏறி நிறத்தை மங்கவைக்கும். வெள்ளை எழுத்தும் அதே டி-ஷர்ட்டில் சாம்பலாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கலவை சரி, வெள்ளைதான் போதவில்லை.

"ஸ்போர்ட்ஸ் மீட்டுக்குச் சிவப்பு ஜெர்சி. வெள்ளை நம்பர் ரெண்டு நாள்ல இளஞ்சிவப்பு ஆயிருச்சு!"

ஜெர்சி பாலியெஸ்டர். பாலியெஸ்டரில் ஏற்றிய சாயம் சூடு பட்டால் ஆவியாகி மேலே இருக்கிற மைக்குள் ஏறும். சாதாரண பிளாஸ்டிசால் மையை உறுதியாக்க 160 டிகிரி வரை சூடு காட்டுகிறோம், அந்தச் சூட்டில் சிவப்பும் மெரூனும் நன்றாகவே கிளம்பும். அடித்த அன்று வெள்ளையாக இருந்து, அட்டைப்பெட்டிக்குள் இருக்கும்போது நிறம் மாறுவதும் நடக்கும்.

துணி பாலியெஸ்டர் என்பதை ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லுங்கள். குறைந்த சூட்டில் உறுதியாகிற மையும் சாயத்தைத் தடுக்கிற அடிப்பூச்சும் இருக்கின்றன. அதற்குக் கூடுதல் விலை உண்டு. அல்லது வெள்ளை ஜெர்சி எடுத்து, சாயத்தைச் சூட்டில் ஆவியாக்கித் துணிக்குள் ஏற்றுகிற சப்ளிமேஷன் முறையில் முழுக்கக் கலரை ஏற்றுங்கள். அதில் கலர் எண்ணிக்கைக்குக் கணக்கே இல்லை. சப்ளிமேஷனில் வெள்ளை மை கிடையாது என்பதால் அடர்ந்த துணியில் அது செல்லாது, அந்தச் சாயம் பருத்தியில் பிடிக்காது என்பதால் பருத்தியிலும் செல்லாது.

"சாம்பிள் ஒண்ணு கேக்கலாமா? அதுல என்ன பார்க்கணும்?"

கேட்டே ஆகவேண்டும், அதே துணியில், அதே மையில். ஸ்கேலை வைத்து அகலத்தையும் கழுத்திலிருந்து தூரத்தையும் அளந்து பாருங்கள். பிறகு பிரிண்டை இரண்டு கையாலும் அகலவாக்கில் இழுத்து விடுங்கள். விரிசல் விட்டால் சூடு போதவில்லை, உள்ளே மை வேகவில்லை. ஒரு நாள் கழித்து ஒருமுறை துவைத்தும் பாருங்கள். விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது சாம்பிள் கையில் இருந்தால்தான் இதற்கெல்லாம் நேரம் கிடைக்கும்.

"வாலண்டியருக்குக் கறுப்பு, பார்ட்டிசிபெண்டுக்கு வெள்ளை டி-ஷர்ட். அதே பிரேம்ல ரெண்டும் அடிச்சுடலாமா?"

டிசைனைப் பொறுத்தது, ஆனால் முன்கூட்டியே யோசித்தால் பெரும்பாலும் முடியும். அந்தப் பனைமர டிசைனையே பாருங்கள். வெள்ளைத் துணியில் ஆரஞ்சுக்கு அண்டர்பேஸ் வேண்டாம், ஆரஞ்சுப் பிரேமை நேரடியாக வைத்து அடிக்கலாம். மரம் துணியின் வெள்ளையாகத் தெரியும், நிழலுருவாக இல்லாமல் வெட்டுச்சித்திரம் போல. அந்தக் கல்லூரியில் அதை ஏற்றுக்கொண்டார்கள். மனித முகமோ மிருகமோ இப்படி வந்தால் ஏற்காதீர்கள், நிழலும் வெளிச்சமும் தலைகீழாகி நெகட்டிவ் மாதிரி ஆகிவிடும். அதற்குத் தனிப் பிரேம் போட்டுத்தான் ஆகவேண்டும்.

எழுத்துதான் சிக்கல், வெள்ளையில் வெள்ளை தெரியாது. வெள்ளைப் பிரேமில் விழாவின் பெயரும், வேர்க்கோடுகளும், சூரியனின் அடி வெள்ளையும் ஒன்றாக இருக்கின்றன. சூரியன் இருக்கிற பாகத்தை மட்டும் டேப் ஒட்டி மூடி, பிரேமைக் கழுவிக் கறுப்பு மை போட்டால் பெயரும் வேரும் மட்டும் கறுப்பில் இறங்கும். புதுப் பிரேம் ஒன்றுகூட வேண்டாம். ஆனால் டேப் ஒட்ட இடம் வேண்டும். வேர் சூரியனைத் தொட்டுக்கொண்டே தொடங்கினால் மூட முடியாது. அதனால் அந்த டிசைனில் சூரியனின் அடிவிளிம்புக்கும் வேர் தொடங்குகிற இடத்துக்கும் நடுவே முக்கால் அங்குலம் இடைவெளி விடச் சொன்னோம். இரண்டு நிறத் துணி எடுக்கிற எண்ணம் இருந்தால், ஃபிலிம் போகும் முன்பே பிரிண்டரிடம் சொல்லிவிடுங்கள். பிரேம் எக்ஸ்போஸ் ஆன பிறகு அந்த முக்கால் அங்குலத்தை உண்டாக்க முடியாது.